நேற்று தள்ளிய ரெஸ்யூம் இன்று நன்றாகத் தெரிகிறதே?

"எம்.பி.ஏ. படிக்கிறேன். மன்னார்குடி பக்கம் ஒரு நவீன அரிசி ஆலையின் அலுவலகத்தில் எச்.ஆர். இன்டர்ன். கணக்கு உதவியாளர் வேலைக்கு 70 ரெஸ்யூம் வந்திருக்கிறது. 'பி.காம்., 2 வருட அனுபவம், டேலி தெரியணும். 10 பேரை எடுத்துக் கொடு' என்றார் மேனேஜர். நேற்று தள்ளிவைத்ததை இன்று பார்த்தால் எடுத்திருக்கலாமோ என்று தோன்றுகிறது. நியாயமாகப் பிரிப்பது எப்படி?"
- வாசகி, நீடாமங்கலம்

மேனேஜர் சொன்னதை இன்னும் கொஞ்சம் விரிவாக எழுதி வாங்க வேண்டும். 'டேலி தெரியணும்' என்றால் எவ்வளவு? ஒரு மாத கோர்ஸ் போதுமா, தினமும் பில் போட்ட கை வேண்டுமா? இது எழுத்தில் இல்லாததால் ஒவ்வொரு ரெஸ்யூமுக்கும் உங்கள் மனசு ஒரு அளவு வைக்கிறது. முன்னால் பார்த்தது சுமார் என்றால் அடுத்தது பிரமாதமாகத் தெரியும்.

அதனால் மேற்கொண்டு படிப்பதை நிறுத்திவிட்டு, மேனேஜரிடம் கால் மணி நேரம் கேளுங்கள். வருகிறவர் முதல் மாதம் என்ன செய்யப் போகிறார் என்பதுதான் கேள்வி. நெல் கொள்முதல் பில், லாரி வாடகை, லோடுமேன் கூலி, தவிடு விற்பனை எல்லாம் டேலியில் ஏற்ற வேண்டும், மாதா மாதம் ஜிஎஸ்டி விவரம் எடுத்து ஆடிட்டருக்கு அனுப்ப வேண்டும் என்பார். சரி, பி.காம். இருக்கிறதா இல்லையா என்பது முதல் வடிகட்டல். அப்புறம் அனுபவம், டேலி, ஜிஎஸ்டி மூன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். எதற்கு எது என்பதையும் எழுதிவிடுங்கள். டேலி என்ற பேச்சே இல்லையென்றால் 0. 'டேலி தெரியும்' என்று மட்டும் இருந்தால் 1. டேலியில் என்ன வேலை செய்தார் என்று இருந்தால் 2. இதை மேனேஜர் படித்து ஒப்புக்கொண்ட பிறகு, ஏற்கெனவே பார்த்ததையும் சேர்த்து முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

இரண்டு ரெஸ்யூமை வைத்துப் பார்ப்போம். முதலாவது கலரில், அழகான ஆங்கிலத்தில் இருக்கிறது. 'அக்கவுன்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ், 2 வருடம், எல்லாக் கணக்கு வேலையும் பார்த்தேன்.' திறமைப் பட்டியலில் டேலி. ஜிஎஸ்டி பற்றி எதுவும் இல்லை. இரண்டாவது, எழுத்துப் பிழையோடு ஒரே பக்கம். உரக்கடையில் 3 வருடம். தினமும் கொள்முதல் பில்லை டேலியில் ஏற்றியிருக்கிறார். மாதக் கடைசியில் ஜிஎஸ்டிக்காக விற்பனை விவரத்தை எடுத்து ஆடிட்டருக்குக் கொடுத்திருக்கிறார். நடுவில் 2 வருடம் வேலையில் இல்லை. புரட்டும்போது கை முதலாவதைத்தான் எடுக்கும். தாளில் அனுபவம், டேலி, ஜிஎஸ்டி என்ற வரிசையில் போட்டால், என்ன வேலை என்று விவரம் சொல்லாத முதலாவதுக்கு 1, 1, 0, மொத்தம் 2. இரண்டாவதுக்கு 2, 2, 2, மொத்தம் 6. அந்த இடைவெளிக்கு நம் பட்டியலில் கட்டம் கிடையாது. அதற்காக எதையும் குறைக்கக் கூடாது.

நம் ஊர் பயோடேட்டாவில் அப்பா பெயர், ஊர், தெரு, சாதி, மதம், கல்யாணம் ஆனதா என்பது வரை எழுதுகிறார்கள், போட்டோவும் ஒட்டுகிறார்கள். டெல்டாவில் ஊரையும் தெருவையும் படித்தாலே யார் என்று கணக்குப் போட்டுவிடும் பழக்கம் நமக்கு உண்டு. எனக்கு இது மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஆளுக்கொரு எண் கொடுத்து, இந்த விவரமெல்லாம் மறைந்த நகலில்தான் மதிப்பெண் போடுங்கள். ஒரே ஆளை முழுசாக முடிக்காமல், 70 பேருக்கும் டேலி, பிறகு 70 பேருக்கும் ஜிஎஸ்டி என்று போனால் அளவு மாறாது.

தொடங்கும்போது 10 ரெஸ்யூமை நீங்களும் அலுவலகத்தில் இன்னொருவரும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். ஒரே ரெஸ்யூமுக்கு நீங்கள் 2, அவர் 0 என்றால் எழுதிய விளக்கம் தெளிவாக இல்லை. அதைத் திருத்திவிட்டு அந்த 10-ஐயும் மறுபடி போடுங்கள். பாதி வழியில் மேனேஜர், 'பக்கத்து ஊர்க்காரராப் பாரும்மா' என்று சேர்த்தால், எதற்கு என்று கேளுங்கள். அறுவடை நேரத்தில் இரவு வரை இருக்க வேண்டும் என்பதுதான் காரணம் என்றால், அதையே எல்லோரிடமும் கேட்கலாம். ஊர்ப் பெயரை வைத்துத் தள்ள வேண்டியதில்லை. முதலாளிக்குத் தெரிந்தவர் என்று வரும் ரெஸ்யூமும் ஒரு எண் வாங்கிக்கொண்டு இதே தாளில் ஏறட்டும்.

இந்த முறைக்கும் ஒரு குறை உண்டு. வேலை தெரிந்தும் எழுதத் தெரியாதவருக்கு இதில் மதிப்பெண் குறையும். 9 பேர் தெளிவாக மேலே வந்து, பத்தாவது இடத்துக்கு 5 பேர் 4 மதிப்பெண்ணில் நின்றால், பெயரைப் பார்த்து ஒருவரை எடுக்காதீர்கள். 5 பேருக்கும் போன் செய்து, 'டேலியில் தினமும் என்ன என்ட்ரி போட்டீர்கள்?', 'ஜிஎஸ்டிக்கு என்ன விவரம் எடுத்தீர்கள்?' என்று அதே கேள்விகளை அதே வார்த்தையில் கேட்டு, பதிலைக் குறித்து, மதிப்பெண்ணைத் திருத்துங்கள். அப்போதும் இருவர் சமமாக நின்றால் 11 பேராகவே மேனேஜரிடம் கொடுங்கள்.