இரவில் மட்டும் வழியும் தண்ணீர்த் தொட்டி

"சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். கூரைக்கு அடியில் உள்ள தொட்டியிலிருந்து இரவில் மட்டும் தண்ணீர் வழிந்து வெளியே கொட்டுகிறது. காலையில் நின்றுவிடுகிறது. மிதவை வால்வை மாற்றி எட்டு மாதம்கூட ஆகவில்லை. இந்த முறை எதை வாங்குவது?"

இரவில் மட்டும் வழிவதுதான் முக்கியமான தடயம். ஊர் உறங்கியதும் குழாயைத் திறப்போர் குறைவதால், பிரதானக் குழாயில் அழுத்தம் ஏறுகிறது. உங்கள் வால்வு அந்த அழுத்தத்துக்கு ஏற்றதல்ல என்றே நினைக்கிறேன்.

வால்வுக்குள் ஒரு சிறு துளை உண்டு. மிதவை உயரும்போது, அதன் கம்பி ஒரு ரப்பர் வாஷரை அந்தத் துளையின் மேல் அழுத்தி மூடுகிறது. தண்ணீர் அதை எதிர்த்துத் தள்ளும். குறைந்த அழுத்தத்துக்கான வால்வில் துளை சுமார் 6.4 மில்லிமீட்டர். பகலில் 2 பார் அழுத்தம் என்றால் எதிர்விசை ஏறத்தாழ 650 கிராம். இரவில் அது 5 பாருக்கு ஏறினால் 1.6 கிலோ ஆகிவிடும். மிதவை முழுக்க மூழ்கினாலும் அவ்வளவு விசை கிடைக்காவிட்டால் நீர் கசிந்துகொண்டே இருக்கும். உயர் அழுத்த வால்வின் துளை சுமார் 3.2 மில்லிமீட்டர்தான். அங்கே அதே 5 பார் 400 கிராமாக அடங்கிவிடும்.

வாங்குமுன் ஒரு சோதனை. அழுத்தம் ஏறியிருக்கும் இரவு நேரத்தில் தொட்டியைத் திறந்து, மிதவையைக் கையால் மேலே தூக்கிப் பிடியுங்கள். நீர் நின்றால் வால்வின் வாய் சரியாக இருக்கிறது, மிதவையின் விசைதான் போதவில்லை. மிதவைப் பந்தைக் கழற்றிக் குலுக்குங்கள். உள்ளே தண்ணீர் சலசலத்தால் பந்து ஓட்டை, அதை மட்டும் மாற்றினால் போதும். தூக்கிப் பிடித்தும் ஒழுகினால் வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது துளையின் விளிம்பு அரிக்கப்பட்டிருக்கும். தண்ணீர்த் தடை முடிந்து குழாயில் செம்மண் கலங்கி வரும் நாள்களில் மணல்துகள் அதில் சிக்குவதும் வழக்கம். விளிம்பு அரித்திருந்தால் புது வாஷர் போட்டும் பயனில்லை.

கம்பியைக் கீழே வளைத்துவிடுவது பலரும் செய்யும் வைத்தியம். என் வீட்டிலும் செய்தேன். மிதவை ஆழமாக மூழ்கி விசை கொஞ்சம் கூடும் என்பது உண்மைதான். மூன்று வாரத்தில் மறுபடியும் சீலிங்கில் கறை படிந்தது.

ஹார்டுவேர் கடைக்குப் பழைய வால்வைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மரையளவு அரை அங்குலமா, முக்கால் அங்குலமா என்பதை அதில் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். பிறகு உயர் அழுத்த வகையா என்று கேட்டு, துளையையும் கண்ணால் பாருங்கள். கடைக்காரர் எல்லாம் ஒன்றுதான் என்பார், நம்பாதீர்கள். பித்தளை உடலும், தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பானின் சான்றிதழும் இருந்தால் நல்லது. கம்பியின் நீளமும் பந்தின் அளவும் வால்வோடு சேர்ந்து வந்தவையாகவே இருக்கட்டும். பழைய பந்து சிறிதாக இருந்தால் புது வால்வை மூட முடியாது.

சிறு துளைக்கு ஒரு விலை உண்டு: பகலில் அழுத்தம் குறைந்திருக்கும்போது தொட்டி மெதுவாகவே நிரம்பும். வீட்டில் ஆள் அதிகம், காலைக் குளியலிலேயே தொட்டி காலியாகிவிடும் என்றால், நடுத்தர அழுத்த வகையைக் கேளுங்கள்.

மாட்டியபின் வால்வு வேலை செய்கிறதா என்று பகலில் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். நள்ளிரவில் ஒருமுறை எழுந்து வழிவுக்குழாயின் வாயைத் தொட்டுப் பாருங்கள்.