முகவரி ஏன் ராத்திரியோடு பழையதாகிறது? நான்கு அடுக்குகள்: கேள்வி பதில்

கேள்வி: என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர், அதாவது ஒரு நிறுவனத்தின் வேலைகளும் மென்பொருள்களும் எப்படிப் பொருந்துகின்றன என்ற வரைவு என்றாலே, வணிகம், தரவு, அப்ளிகேஷன், தொழில்நுட்பம் என்று நாலு அடுக்குக்கு நாலு பெட்டி போட்ட படத்தைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். நடைமுறையில் அது எங்கே உதவுகிறது?

பதில்: நான் வேலை பார்த்த ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பிரீமியம் பற்றிக் கேட்க ஃபோன் செய்த வாடிக்கையாளர், வீடு மாறிய விவரத்தையும் சொன்னார். பில்லிங் ஊழியர் தன் திரையிலேயே முகவரியைத் திருத்தினார். மாலை வரை புதிய முகவரி இருந்தது. மறுநாள் காலை பார்த்தால் பழையது திரும்பியிருந்தது. புதுப்பித்தல் கடிதமும் பழைய வீட்டுக்கே போனது. இப்படியே புகார்கள் வந்துகொண்டிருந்தன.

முதலில் எல்லோரும் சர்வர் குழுவைத்தான் பிடித்துக்கொண்டார்கள். இரவு 2 மணிக்கு, வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் மென்பொருளிலிருந்து எல்லா முகவரிகளும் ஒரே ஃபைலாகப் பில்லிங்குக்குப் போகும். லாகைப் பார்த்தால் அந்த ஜாப் ஒரு நாளும் தவறவில்லை. ஆக, தொழில்நுட்ப அடுக்கில் கோளாறு இல்லை. பில்லிங் மென்பொருளும் எழுதியபடியே நடந்தது: வந்த ஃபைலை இருப்பதன் மேல் எழுதியது.

கோளாறு அதற்கும் மேலே இருந்தது. ஒரே முகவரி இரண்டு இடத்தில் இருந்தது, இரண்டையும் திருத்த முடிந்தது, இரண்டில் எது மூலப் பதிவு என்று எங்கும் சொல்லப்படவில்லை. இது தரவு அடுக்கு. ஏன் சொல்லப்படவில்லை? முகவரி மாற்றத்துக்கு எந்தப் பிரிவு பொறுப்பு என்று நிறுவனம் முடிவே செய்யவில்லை. இது வணிக அடுக்கு.

சரிசெய்ததும் அந்த வரிசையில்தான். பொறுப்பு வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு என்று முதலில் முடிவானது. வாடிக்கையாளர் மென்பொருளில் இருப்பதே மூலம் என்று எழுதினோம். அப்புறம் பில்லிங் திரையில் முகவரிக் கட்டத்தைப் பூட்டி, அங்கிருந்தே வாடிக்கையாளர் திரையைத் திறக்க ஒரு பட்டன் வைத்தோம். அதன் விளைவு கீழ் அடுக்கில் தெரிந்தது: பில்லிங் ஆட்கள் வேலை செய்யும் நேரம் முழுவதும் வாடிக்கையாளர் மென்பொருளும் ஓட வேண்டும் என்றாகிவிட்டது. அதன் பராமரிப்பு நேரத்தையே மாற்றினோம்.

கேள்வி: தரவு அடுக்கு என்றால் டேட்டாபேஸ்தானே? எங்கள் டிபிஏ அதைப் பார்த்துக்கொள்கிறார்.

பதில்: பாதி சரி. டேட்டாபேஸ் மென்பொருள், அது ஓடும் சர்வர், பேக்கப் எல்லாம் தொழில்நுட்ப அடுக்கு. தரவு அடுக்கில் வருவது, முகவரி என்று எதைச் சொல்கிறோம், குடியிருக்கும் இடமா கடிதம் போகும் இடமா, அதன் மூலம் எது, யார் திருத்தலாம் என்பவை. நான் பயன்படுத்தும் சோதனை ஒன்று உண்டு. நாளைக்கே வேறு நிறுவனத்தின் மென்பொருளுக்கு மாறினாலும் எழுதிய வாக்கியம் நிற்குமா? நின்றால் அது மேல் இரண்டு அடுக்குகளில் ஒன்றைச் சேர்ந்தது. தரவு வரைபடத்தில் மென்பொருளின் பெயர் எட்டிப் பார்த்தால் அடுக்குகள் கலந்துவிட்டன என்று அர்த்தம். உங்கள் டிபிஏ டேபிளை நன்றாகக் காப்பார். எந்த முகவரி சரி என்று அவர் முடிவு செய்ய முடியாது.

கேள்வி: எங்களிடம் தினமும் மதியம் பில்லிங் திரை மெதுவாகிவிடுகிறது. இதுவும் மேல் அடுக்குப் பிரச்சினைதானா? புது சர்வர் வேண்டாமா?

பதில்: அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த முகவரிக் கதையில் மேலே இருந்தது, அவ்வளவுதான். உங்களுடையதை அளக்காமல் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் சிபியு, டிஸ்க், மெதுவான குவெரிகள் மூன்றையும் பாருங்கள். தினமும் அதே நேரம் என்கிறீர்களே, அப்போது யாராவது பெரிய ரிப்போர்ட் எடுக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். எடுத்தால், அது மதியம்தான் வேண்டுமா என்று அந்தப் பிரிவிடம் கேட்பது சர்வர் வாங்குவதைவிடச் சுலபம்.

கேள்வி: ஆர்க்கிமேட் என்ற வரைபட மொழியில் வணிகம், அப்ளிகேஷன், தொழில்நுட்பம் என்று மூன்று அடுக்குதானே முதன்மையானவை? டோகாஃப் என்ற வழிமுறையிலும் தரவும் அப்ளிகேஷனும் சேர்ந்து ஒரே வேலைக் கட்டம், சி. நாலு என்று பிரித்துச் சொல்வது புதியவர்களைக் குழப்பாதா?

பதில்: நீங்கள் சொல்வது உண்மை. ஆர்க்கிமேட்டில் தரவு தனி அடுக்கு அல்ல. டோகாஃப் தரவைத் தனித் துறையாக வைத்தாலும், சி கட்டத்தில் தரவு முதலா அப்ளிகேஷன் முதலா என்பதை நம்மிடமே விடுகிறது. ஆனாலும் புதியவர்களுக்கு நான் தனியாகவே காட்டுவேன். சேர்த்து வரைந்தால் “மூலம் எது” என்ற கேள்வி மென்பொருள் பெட்டிக்குள் ஒளிந்துகொள்கிறது. எங்களுக்கு நடந்தது அதுதான்.

எது முதலில் என்பதில் எனக்குத் தரவுப் பக்கம்தான் சாய்வு. ஆனால் நிறுவனத்தின் பல பிரிவுகளுக்கும் ஒரே தொகுப்பாக வரும் ஈஆர்பி மாதிரி மென்பொருளை ரெடிமேடாக வாங்கும்போது தரவு வடிவமும் அதோடு சேர்ந்தே வருகிறது. அங்கே தரவை முதலில் வரைந்து, பிறகு மென்பொருளை அதற்கேற்ப வளைக்கப் போய்ச் செலவு ஏறிய திட்டத்தையும் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் நீங்கள் எந்த வரிசையில் போகிறீர்கள் என்று சொன்னால் எனக்கும் உதவும்.