குறைந்த விலை கொடுத்தும் டெண்டர் நிராகரிப்பு: நீதிமன்றம் எதைப் பார்க்கும்?

கேள்வி: முன்வைப்புத் தொகையைச் செலுத்திய முறை சரியில்லை என்று தொழில்நுட்பக் கட்டத்திலேயே எங்களை நீக்கிவிட்டார்கள். எங்கள் விலைதான் மிகக் குறைவாக இருந்திருக்கும். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால் பலன் உண்டா?

விலை குறைவு என்பதை மனுவின் முதல் வாதமாக வைக்க வேண்டாம். தொழில்நுட்ப உறையில் நீக்கப்பட்டவரின் விலை உறை பொதுவாகப் பிரிக்கப்படுவதே இல்லை என்பதால், அந்த விலை கோப்பிலேயே இருக்காது. மேலும், டாடா செல்லுலார் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியபடி, நீதிபதிகள் ஆராய்வது முடிவு எடுக்கப்பட்ட விதத்தைத்தான்; மேல்முறையீட்டு அதிகாரியைப்போல் அமர்ந்து முடிவைத் திருத்துவது அவர்கள் வேலை அல்ல.

உங்கள் நிலைக்கு மிக அருகில் இருப்பது 1991-இன் போத்தார் ஸ்டீல் வழக்கு. வாரணாசியில் உள்ள டீசல் ரயில் இன்ஜின் தொழிற்சாலை, இரும்புக் கழிவு விற்பனைக்கான டெண்டரில், முன்வைப்புத் தொகையை ரொக்கமாகவோ பாரத ஸ்டேட் வங்கியின் வரைவோலையாகவோ தரச் சொல்லியிருந்தது. ஒரு நிறுவனம் யூனியன் வங்கி சான்றளித்த காசோலையைத் தந்தது. நிர்வாகம் அதை ஏற்றுக்கொண்டது. உயர் நீதிமன்றம் அந்த ஏற்பைத் தவறென்று சொன்னாலும், உச்ச நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது. தகுதியை நிர்ணயிக்கும் அடிப்படை நிபந்தனைகள் வேறு, அவற்றுக்குத் துணையாக நிற்கும் நிபந்தனைகள் வேறு. பின்னவற்றை நிர்வாகம் தளர்த்தலாம் என்பது அதன் காரணம்.

இந்தத் தீர்ப்பை நம்பி வருபவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். அங்கே தளர்த்தியது நிர்வாகம். தளர்த்தியே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிடவில்லை. உங்கள் வழக்கில் நிர்வாகம் மறுத்திருக்கிறது. டெண்டர் ஆவணத்தை எழுதியவரே அதன் தேவையை நன்கு அறிவார், அவர் கொள்ளும் பொருள் தீய நோக்கம் கொண்டதாகவோ முற்றிலும் பொருந்தாததாகவோ இல்லாதவரை அதை ஏற்க வேண்டும் என்று 2016-இன் ஆஃப்கான்ஸ் தீர்ப்பும் சொல்வதால், நிராகரிப்பு கடுமையானது என்பது மட்டும் போதாது.

ஆனால் இதே குறை மற்றொருவருக்கு மன்னிக்கப்பட்டிருந்தால் நிலைமை அடியோடு மாறுகிறது. என் பார்வையில் உங்களுக்கு உண்மையான வாய்ப்பு இருப்பது அங்கேதான். அப்போது கேள்வி நிபந்தனையைப் பற்றியது அல்ல, சமத்துவத்தைப் பற்றியது. ஆகவே தொழில்நுட்ப மதிப்பீட்டு அறிக்கையின் நகலை உடனே எழுத்தில் கேளுங்கள். அதில் உங்களை நீக்கக் காரணமான நிபந்தனை எண்ணை மற்ற ஒவ்வொருவருக்கும் எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

தாமதம் நல்ல வழக்கையும் கெடுத்துவிடும். பம்பாய் விமான நிலைய உணவகம் குறித்த 1979-இன் ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில், தகுதி நிபந்தனையை மீறி ஒருவரைத் தேர்ந்தெடுத்தது தவறு என்று உச்ச நீதிமன்றம் கண்டது. ஆனாலும், மனுதாரர் ஐந்து மாதங்களுக்கு மேல் தாமதித்ததையும், அதற்குள் ஒப்பந்தக்காரர் பெரும் பணம் செலவிட்டதையும் மற்ற காரணங்களோடு சேர்த்து எண்ணி, ஒப்பந்தத்தை ரத்து செய்யவில்லை. பணி ஆணை வழங்கப்படுவதற்கு முன்பே நீங்கள் நீதிமன்றத்தில் இருக்க வேண்டும்.