குளியலறையில் விழுந்தவர் பன்னிரண்டாம் நாள் இறந்தால் படிவம் 4 கொடுக்கலாமா?

கேள்வி: நான் ஹவுஸ் சர்ஜன். எலும்பு முறிவு வார்டில் 67 வயது அம்மா ஒருவர். வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பருகே தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து நன்றாகத்தான் இருந்தார். இரண்டு நாளாகக் காலில் வீக்கம், டாப்ளரில் டி.வி.டி. என்று வந்தது. விழுந்த 12-ஆம் நாள் திடீரென மூச்சுத் திணறல், அரை மணி நேரத்தில் இறந்துவிட்டார். இறப்புக் காரணச் சான்றான படிவம் 4-இல் நான் 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' என்று எழுதினேன். பி.ஜி. அதை அடித்துவிட்டு 'பல்மனரி எம்பாலிசம்' என்றார். அப்புறம் வந்த உதவிப் பேராசிரியர், "ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர் போட்டிருக்கா?" என்று கேட்டுப் படிவத்தையே வாங்கி வைத்துக்கொண்டார். உறவினர்கள் உடலைக் கேட்டு நிற்கிறார்கள். இவ்வளவு நாள் கூட இருந்த மகன், தனக்கு லீவுக்கு மெடிக்கல் சர்ட்டிபிகேட் வேண்டும் என்கிறார். எது சரி? நான் கையெழுத்துப் போடலாமா?

பதில்: உதவிப் பேராசிரியர் செய்ததுதான் சரி. இந்த மரணத்துக்கு வார்டிலிருந்து படிவம் 4 போகக்கூடாது. காவல்துறைக்கு இன்டிமேஷன் போக வேண்டும். கையெழுத்து எப்படியும் உங்களுடையதாக இருக்க முடியாது. படிவம் ஏன் போகக்கூடாது என்பதை, அதை நிரப்பிப் பார்த்தே புரிந்துகொள்ளலாம்.

படிவம் 4-இன் முதல் பகுதியில் மூன்று வரிகள் உண்டு. ஏ வரியில் நேரடிக் காரணம். அதை உண்டாக்கியது பி வரியில், அதையும் உண்டாக்கியது சி வரியில். ஒவ்வொன்றுக்கும் எதிரில், அது தொடங்கியதற்கும் மரணத்துக்கும் இடைப்பட்ட காலத்தை எழுத வேண்டும். இந்தச் சங்கிலியில் சேராமல் மரணத்துக்குத் துணைபோன நோய்களுக்கு இரண்டாம் பகுதி.

நீங்கள் எழுதிய 'அரெஸ்ட்' காரணமே அல்ல. இதயமும் மூச்சும் நிற்பதைத்தான் நாம் மரணம் என்கிறோம், அதையே மரணத்தின் காரணமாக எழுதினால் படிவம் காலியாக இருப்பதற்குச் சமம். 'ஹார்ட் ஃபெயிலியர்', 'முதுமை' என்று மட்டும் எழுதி நிறுத்துவதும் இதே வகைதான். தேர்வில் இதை 'மோட் ஆஃப் டெத்', 'காஸ் ஆஃப் டெத்' வித்தியாசம் என்று கேட்பார்கள்.

பி.ஜி. எழுதியது காரணம்தான், ஆனால் ஏ வரியோடு நின்றுவிட்டது. 'இது எதனால் வந்தது?' என்று கேட்டுக்கொண்டே இறங்குங்கள். எம்பாலிசம் எதனால்? கால் சிரையில் உறைந்த ரத்தத்தால். அது எதனால்? தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, அசையாமல் படுத்திருந்ததால். முறிவு எதனால்? விழுந்ததால். எழுதினால் இப்படி வரும்:

ஏ: பல்மனரி எம்பாலிசம் – 30 நிமிடம்
பி: காலில் டீப் வெயின் த்ராம்போசிஸ் – 2 நாள்
சி: குளியலறையில் வழுக்கி விழுந்ததால் தொடை எலும்பின் கழுத்து முறிவு – 12 நாள்

அவருக்குச் சர்க்கரை நோய் இருந்திருந்தால், அது எத்தனை வருடமாக என்பதோடு இரண்டாம் பகுதிக்குப் போகும். அது சங்கிலியின் கண்ணி அல்ல.

எழுதியதைச் சரிபார்க்க இரண்டு வழிகள் உண்டு. கீழிருந்து மேலே 'இதனால்' போட்டுப் படியுங்கள்: முறிவு, இதனால் ரத்த உறைவு, இதனால் எம்பாலிசம். எங்கேயாவது இடறினால் வரிசை தப்பு. அடுத்து, கால இடைவெளியைப் பாருங்கள். கீழே போகப் போக அது கூட வேண்டும், குறைந்தால் எதையோ தலைகீழாக எழுதியிருக்கிறீர்கள். வரிக்கு ஒரு நோய்தான், சுருக்கெழுத்துகளும் வேண்டாம். 'எம்.எஸ்.' என்பதை ஒருவர் மைட்ரல் ஸ்டெனோசிஸ் என்றும் இன்னொருவர் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்றும் படிப்பார். சங்கிலி மூன்று வரியைவிட நீளமானால் நடுவில் ஒன்றை விடலாம், அடியில் இருப்பதை விடக்கூடாது. மூன்று வரியையும் நிரப்பியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஒரே வரியில் காரணம் முடிந்தால் அதுவே போதும்.

அடியில் இருப்பதற்குத்தான் 'அண்டர்லையிங் காஸ்' என்று பெயர். மரணத்தில் முடிந்த நிகழ்வுகளைத் தொடக்கி வைத்த நோய் அல்லது காயம், அல்லது அந்தக் காயத்தை உண்டாக்கிய விபத்தின் அல்லது வன்முறையின் சூழ்நிலை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. புள்ளிவிவரத்துக்கு எடுப்பது இதைத்தான். என் பார்வையில் இதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு: இந்தப் படிவத்தை நீங்கள் கொடுக்கலாமா கூடாதா என்பதைச் சொல்வதும் அந்த அடி வரிதான்.

இதே வார்டில் இதே எம்பாலிசத்தோடு இன்னொரு நோயாளி இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஐந்து மாதமாகக் கணையப் புற்றுநோய், அதன் விளைவாகக் காலில் ரத்த உறைவு. ஏ, பி இரண்டும் வார்த்தைக்கு வார்த்தை அதேதான். சி வரியில் மட்டும் கணையப் புற்றுநோய். அது இயற்கை மரணம், சிகிச்சை தந்த மருத்துவர் உடலைப் பார்த்துவிட்டுத் தாராளமாகப் படிவம் 4 கொடுக்கலாம், கொடுத்தே ஆக வேண்டும். உங்கள் நோயாளியின் சி வரியில் இருப்பது விபத்து. காயத்துக்கும் மரணத்துக்கும் இடையில் 12 நாளும் ஓர் ஆபரேஷனும் வந்துவிட்டதால் அது இயற்கை மரணமாகிவிடாது. சங்கிலி அறுபடாத வரை பல மாதம் கழித்து இறந்தாலும் இதே பதில்தான்.

"வீட்டில் வழுக்கி விழுந்ததுதானே, இதற்கெல்லாமா போலீஸ்?" என்று கேட்பார்கள். வழுக்கினாரா, தள்ளிவிடப்பட்டாரா என்பது வார்டில் நமக்குத் தெரியாது. உறவினர் சொன்னதை நம்பி 'விபத்து' என்று முடிவுகட்டுவது நம் வேலையும் அல்ல. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 194-இன்படி விசாரணை நடத்துவது காவல்துறை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது பிரிவு 174. 2024 ஜூலை 1 முதல் புதிய எண்கள்தான் நடைமுறையில் உள்ளன, ஆனாலும் வைவாவில் பழைய எண்ணையும் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

இனி செய்ய வேண்டியது. அட்மிஷன் அன்றே ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் பதிவு இருந்தால் அந்த எண்ணைக் குறிப்பிட்டு மரண இன்டிமேஷன் அனுப்ப வேண்டும். பதிவு இல்லாவிட்டால் இப்போது போடலாம், இன்றைய தேதியும் இப்போதைய மணியும் போட்டு. தாமதத்தை விளக்கிவிடலாம். முன்தேதி போட்டதை விளக்க முடியாது. கேஸ் ஷீட்டில் மேலே சொன்ன சங்கிலியை மருத்துவ முடிவாக எழுதி, இறந்த நேரத்தைக் குறித்து, உடலை மார்ச்சுவரிக்கு அனுப்புங்கள். பிரேதப் பரிசோதனை குறித்து முடிவெடுப்பது விசாரணை அதிகாரி. பரிசோதனை நடந்தால், காரணத்தைச் சொல்ல வேண்டியவர் அதைச் செய்த மருத்துவர்.

உறவினர்களிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, இறப்புப் பதிவு நின்றுவிடாது. மருத்துவமனையில் நடந்த இறப்பைப் பதிவாளருக்குத் தெரிவிப்பது மருத்துவமனையின் பொறுப்பு, கெடு 21 நாள். அவர்கள் கையில் கடைசியாக வரும் இறப்புச் சான்றிதழைத் தருபவர் பதிவாளர், நாம் தருவது காரணச் சான்று மட்டுமே. இரண்டு, அம்மாவின் பெயரில் விபத்துக் காப்பீடு இருந்தால் 'மாரடைப்பு' என்று நாம் எழுதித் தருவது அவர்களுக்கே வினையாக முடியும்.

உங்கள் கையெழுத்து விஷயம் சுருக்கமானது. தற்காலிகப் பதிவில் இருக்கும் பயிற்சி மருத்துவர் மெடிக்கல் சர்ட்டிபிகேட், இறப்புக் காரணச் சான்று, சட்டம் சார்ந்த ஆவணம் எதிலும் தன் கையெழுத்தில் சான்று தரக்கூடாது என்று பயிற்சி விதிமுறையே சொல்கிறது. "பேரை மட்டும் போடுப்பா, நான் பார்த்துக்கிறேன்" என்று சீனியர் சொன்னாலும் இதேதான்.

தேர்வுக்காக இன்னும் கொஞ்சம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969, பிரிவு 10: கடைசி நோயின்போது சிகிச்சை தந்த மருத்துவர் காரணச் சான்றைக் கட்டணமின்றித் தர வேண்டும். பில் பாக்கி என்று நிறுத்தி வைக்க முடியாது. வீட்டில் இறந்தால் படிவம் 4ஏ. இறந்த நிலையில் கொண்டுவரப்பட்டவருக்கு நீங்கள் சிகிச்சையே தரவில்லை, அதனால் சான்றும் கிடையாது. காரணம் தெரியவில்லை, சந்தேகம் இருக்கிறது என்றாலும் அப்படித்தான்.

அப்புறம் அந்த மகன். அவர் நோயாளி அல்ல. அவருக்கு 'வைரல் காய்ச்சல், 12 நாள் ஓய்வு' என்று எழுதினால் அது பொய்ச் சான்று. பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 234, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 197: பொய் என்று தெரிந்தோ நம்பியோ இத்தகைய சான்றில் கையெழுத்திட்டால், பொய்ச்சாட்சி சொன்னதற்குரிய தண்டனை. 'தெரிந்து' என்ற சொல் முக்கியம். நேர்மையாகப் பார்த்து நோயறிதலில் தவறியவர் இதில் மாட்டமாட்டார். ஆனால் 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளில் பொய்யான, தவறாக வழிநடத்தும் சான்று தருவது தொழில்முறை ஒழுங்கீனம், பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படும் வரை போகலாம்.

அவருக்கு உண்மையாகவே உதவ வழி இருக்கிறது. இன்ன பெயருள்ளவர் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை உள்நோயாளியாக இருந்தார், இன்று இறந்தார் என்று கேஸ் ஷீட்டைப் பார்த்து வார்டு மருத்துவர் எழுதித் தரலாம். பதிவில் இருந்தால் உடனிருந்தவர் மகன் என்பதையும் சேர்க்கலாம். அவருடைய அலுவலகம் அதை ஏற்குமா என்பது அவர்கள் பாடு.

உண்மையிலேயே உடம்பு சரியில்லாத ஒருவருக்குத் தருவதாக இருந்தால், பரிசோதித்த தேதியைப் போட்டுத்தான் எழுத வேண்டும். பார்ப்பதற்கு முந்தைய நாட்களைப் பற்றி 'நோயாளி கூறியபடி' என்பதற்கு மேல் போகாதீர்கள். முகவரி, நோயாளியின் கையெழுத்து அல்லது கைரேகை, குறைந்தது ஓர் அங்க அடையாளம் ஆகியவை சான்றில் இருக்க வேண்டும். நகல் ஒன்று உங்களிடம், விவரம் சான்றிதழ்ப் பதிவேட்டில். அங்க அடையாளம் என்றால் 'வலது முன்கையின் உட்புறம், மணிக்கட்டுக்கு 4 செ.மீ. மேலே ஒரு கருமச்சம்' என்ற அளவுக்கு எழுதுங்கள். 'கையில் மச்சம்' என்று எழுதினால், ஆளை அடையாளம் காட்டச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்கும்போது அது யாருக்கும் பொருந்திவிடும்.