மேற்கோள் தொங்குகிறதா? பேசுவது யார் என்று முதலில் சொல்லுங்கள்

கேள்வி: ஐயா, முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டில் களவு வாழ்க்கை பற்றிய இயலை எழுதிக் கொடுத்தேன். பல பத்திகளின் ஓரத்தில் நெறியாளர் ‘மேற்கோள் தொங்குகிறது’ என்று குறித்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் பாடல் எண் கொடுத்திருக்கிறேன், கீழே விளக்கமும் எழுதியிருக்கிறேன். பிறகு எப்படித் தொங்கும்? அப்படி ஒரு பத்தி இது:

சங்க காலத்தில் களவு வாழ்க்கையில் பெண்கள் அச்சத்துடனேயே வாழ்ந்தனர்.

“யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ” (குறுந். 25)

என்ற பாடல் வரிகள் மூலம் இதனை அறியலாம். தலைவன் விரைவில் மணம் செய்துகொள்ள வேண்டும் எனக் கபிலர் வலியுறுத்துகிறார்.

பதில்: அந்த இரண்டு அடிகளையும் விரலால் மறைத்துக்கொண்டு பத்தியைப் படித்துப் பாருங்கள். வாதத்தில் எதுவும் குறையவில்லை. களவுக்கால அச்சத்தைப் பேசும் வேறொரு பாடலின் இரண்டு அடிகளை அங்கே வைத்தாலும் பத்தி அப்படியே நிற்கும். உங்கள் நெறியாளர் சொல்வது இதைத்தான். பாடல் எண் என்பது மேற்கோள் எங்கிருந்து வந்தது என்று காட்டும். அது ஏன் இங்கே வந்தது என்று எண் சொல்லாது.

இந்தக் குறை நம் ஆய்வேடுகளில் எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை. காரணம், ‘என்ற பாடல் வரிகள் மூலம் அறியலாம்’ என்ற வாய்பாடு. ‘என்ற’ வந்துவிட்டால் இலக்கணப்படி வாக்கியம் முடிந்துவிடுகிறது, மேற்கோளும் இணைந்துவிட்டது போலத் தோன்றுகிறது. ஆனால் பேசுவது யார், யாரிடம், எந்த நிலையில் என்பதில் ஒன்றையும் அந்த வாய்பாடு சொல்வதில்லை. வரிகளிலிருந்து எதை, எப்படி அறிந்தீர்கள் என்பதையும் அது சொல்வதில்லை. ‘உணர முடிகிறது’, ‘புலனாகிறது’, ‘எடுத்துக்காட்டுகின்றன’ எல்லாம் இதே குடும்பம்தான். உங்கள் இயலில் இவை எத்தனை இடங்களில் வருகின்றன என்று தேடிப் பாருங்கள். நெறியாளர் குறித்த இடங்களில் பெரும்பாலானவை அங்கேயே கிடைத்துவிடும்.

மேற்கோளுக்கு முன்னால் உள்ள வாக்கியத்திலிருந்து தொடங்குவோம். “பெண்கள் அச்சத்துடனேயே வாழ்ந்தனர்” என்பது ஒரு காலத்துப் பெண்கள் எல்லாரையும் பற்றிய முடிவு. ஐந்தே அடி கொண்ட ஓர் அகப்பாடலால் அவ்வளவு பெரிய முடிவைச் சுமக்க முடியாது. இந்தப் பாடலில் இருப்பது அதைவிடச் சிறிய, கூர்மையான செய்தி. களவில் கூடியவன் மணம் பேச வராமல் நாளைக் கடத்துகிறான். அவன் ‘அப்படி ஒன்றும் நடக்கவில்லை’ என்று சொல்லிவிட்டால் தன்னிடம் சான்று இல்லையே என்று ஒருத்தி கலங்குகிறாள். உங்கள் முதல் வாக்கியம் இந்த அளவுக்கு இறங்கி வந்தால்தான் மேற்கோள் அதில் பொருந்தும்.

அடுத்தது பேசுபவர். “கபிலர் வலியுறுத்துகிறார்” என்று எழுதியிருக்கிறீர்கள். பாடலை இயற்றியவர் கபிலர், பேசுபவள் தலைவி, கேட்பவள் தோழி. வரைவு நீட்டித்தபோது தலைவி தோழிக்குச் சொன்னது என்பது இப்பாடலின் கூற்றுக்குறிப்பு. அகப்பாடலை மேற்கோள் காட்டும்போது இந்த மூன்று பேரையும் குழப்பினால் வாதமே தடம் புரளும். தலைவன் விரைந்து மணக்க வேண்டும் என்று இந்த ஐந்து அடிகளில் யாரும் சொல்லவில்லை. அந்த வாக்கியம் கபிலரிடமிருந்தும் வரவில்லை, தலைவியிடமிருந்தும் வரவில்லை, உங்களிடமிருந்து வந்தது. புறப்பாடல்களில் நிலைமை வேறு. “யாதும் ஊரே யாவரும் கேளிர்” என்று கணியன் பூங்குன்றனார் சொல்கிறார் என எழுதினால் தவறில்லை. அங்கே புலவரே பேசுகிறார்.

நம் மொழியில் அறிமுகத்தொடர் மேற்கோளின் இரு பக்கமும் நிற்கும். பேசுபவரும் கேட்பவரும் சூழலும் முன்னால் வரும், வினை பின்னால் வரும். வினைமுற்று கடைசியில் வருவதால் பலரும் அங்கே ‘கூறுகிறார்’ என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த வினைக்குத்தான் அதிக வேலை இருக்கிறது. “யானெவன் செய்கோ” என்பது கேள்வி. எனவே ‘கேட்கிறாள்’ என்பது பொருந்தும். ‘கலங்குகிறாள்’, ‘முறையிடுகிறாள்’ என்றும் எழுதலாம். ‘கூறுகிறாள்’ என்றால் அந்தக் கேள்வி மழுங்கிவிடும். ‘வலியுறுத்துகிறாள்’ என்றால் பொய். ஆய்வாளர்களின் கருத்தை எடுத்தாளும்போதும் அப்படித்தான். ஒருவர் வாதிடுகிறாரா, ஐயுறுகிறாரா, மறுக்கிறாரா, போகிற போக்கில் ஒப்புக்கொள்கிறாரா என்பதை அந்த ஒரு வினைதான் வாசகருக்குச் சொல்கிறது.

இனி, பின்னால் வரும் விளக்கம். நீங்கள் ‘விளக்கமும் எழுதியிருக்கிறேன்’ என்று சொல்வது உங்கள் மற்றப் பத்திகளில் பொழிப்புரையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆய்வேடுகளில் வழக்கமாகக் காண்பது அதுதான். ‘அங்கே யாரும் இல்லை, அவன்தான் கள்வன், அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்’ என்று எழுதுவது பாடலை இன்னொரு முறை சொல்வது. வாசகருக்குச் சொல் புரியாது என்றால் அது தேவைதான், ஒரு வாக்கியம் போதும். விளக்கம் என்பது அதற்கு அடுத்த படி. மேற்கோளில் உள்ள ஒரு சொல்லையாவது கையில் எடுத்து, அது உங்கள் வாதத்துக்கு என்ன தருகிறது என்று காட்ட வேண்டும்.

இந்தப் பாடல் அதற்கு மிகவும் வசதியானது. நீங்கள் விட்டுவிட்ட மூன்று அடிகளில்தான் புதையல் இருக்கிறது:

“தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே”

‘யாரும் இல்லை’ என்று தொடங்கியவள் ‘குருகும் உண்டு’ என்று முடிக்கிறாள். அவன் கூடிய நாளில் ஒரு பறவை அங்கே இருந்தது. ஆனால் அது ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்றது, இவர்களைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஊர் நடுவே வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. சான்று இல்லை என்ற செய்தியை முதல் இரண்டு அடிகளே சொல்லிவிட்டன. உதவாத ஒரு சாட்சியைத் தேடிப் பிடித்து, அதன் கால் நிறம் வரை நினைவு வைத்திருக்கும் மனத்தைக் கடைசி மூன்று அடிகள் காட்டுகின்றன. அச்சத்தைப் பற்றி எழுத வந்த உங்களுக்கு வேண்டியது இதுதான்.

இவற்றையெல்லாம் சேர்த்தால் உங்கள் பத்தி இப்படி ஆகலாம்:

களவில் கூடிய தலைவன் வரைவை நீட்டிக்கும்போது, அவன் மறுத்துவிட்டால் தன் பக்கம் சான்று இல்லையே என்ற அச்சம் தலைவிக்கு எழுகிறது. கபிலர் இயற்றிய குறுந்தொகைப் பாடலில் (25) அவள் தோழியிடம், “யாரும் இல்லைத் தானே கள்வன் / தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ” என்று கேட்கிறாள். குற்றம் சாட்டப்பட வேண்டியவனே ஒரே சாட்சியாகவும் இருப்பதால் ‘கள்வன்’ என்ற சொல் இங்கே வசையாக மட்டும் நிற்கவில்லை. அவள் சிக்கிக்கொண்ட நிலையையும் சொல்கிறது. அவனைத் தவிர அங்கே இருந்தது என்று அவளுக்கு நினைவுக்கு வருவது “ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்” குருகு ஒன்றுதான். இரைமேல் கண்ணாக நின்ற அந்தப் பறவையின் காலைத் தினைத்தாளோடு ஒப்பிடும் அளவுக்கு அவள் நினைவு துல்லியமாக இருக்கிறது. ஆனால் அந்தத் துல்லியம் பிறர்முன் எதையும் மெய்ப்பிக்க உதவாது.

இப்போது விரல் சோதனையைச் செய்து பாருங்கள். மேற்கோளை மறைத்தால் ‘கள்வன்’ பற்றிய வாக்கியமும் குருகைப் பற்றிய வாக்கியமும் காற்றில் நிற்கும். பத்திக்கு மேற்கோள் தேவைப்படுகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

இரண்டாவது மேற்கோளை எப்படிச் சேர்த்தேன் என்பதையும் கவனியுங்கள். “ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்” என்பது பெயரெச்சத்தில் முடிகிறது. எனவே அதைத் தொடர்ந்து ‘குருகு’ என்று என் சொல்லை வைத்தபோது ‘என்ற’ கூடத் தேவைப்படவில்லை. பாடலில் அடுத்து வருவது ‘குருகும்’. உம்மை என் வாக்கியத்துக்குப் பொருந்தாததால் அந்தச் சொல்லை மேற்கோள் குறிக்கு வெளியே எடுத்துவிட்டேன். மேற்கோளின் எல்லையை நகர்த்தலாம், உள்ளே இருப்பதைத் திருத்தக் கூடாது. ‘செய்கோ’ என்பதை உங்கள் வாக்கியத்துக்காகச் ‘செய்வேன்’ என்று மாற்றி மேற்கோள் குறிக்குள் வைப்பது பிழை. வேற்றுமை உருபையும் குறிக்கு உள்ளே ஒட்ட வேண்டாம். “கள்வன்” என்ற சொல்லை, “கள்வன்” என்பதால் என்று வெளியே சேர்த்துக்கொண்டால் போதும்.

சந்தி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சீர் பிரித்த பதிப்பில் “யாரு மில்லைத் தானே கள்வன்” என்று இருக்கும். சொல் பிரித்த பதிப்பில் “யாரும் இல்லை” என்று இருக்கும். எதைப் பின்பற்றுகிறீர்களோ அதையே இயல் முழுவதும் பின்பற்றுங்கள். சீர் பிரித்த பாடத்திலிருந்து துணுக்கு எடுத்தால் ‘மில்லைத்’ போன்ற உடைந்த துண்டு உங்கள் வாக்கியத்தில் வந்து விழும். துணுக்குகளாக நெய்ய விரும்புகிறவர்களுக்குச் சொல் பிரித்த பதிப்பே தோது.

இரண்டு அடிக்குள் அடங்கும் மேற்கோளைச் சாய்கோடிட்டுப் பத்திக்குள்ளேயே வைக்கலாம். அதற்கு மேல் போனால் தனியே இறக்கி எழுதுவது வழக்கம், உங்கள் பல்கலைக்கழக விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். தனியே இறக்கிய பிறகு புதுப் பத்தி தொடங்கிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் முன்னால் ஒரு பத்தி, பின்னால் ஒரு பத்தி, நடுவே ஆளில்லாத தீவாகப் பாட்டு நிற்கும். மேற்கோளுக்கு அடுத்த வாக்கியம் அதே பத்தியின் தொடர்ச்சியாக, மேற்கோளில் உள்ள ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு தொடங்கட்டும்.

எல்லா மேற்கோளுக்கும் இவ்வளவு செய்ய இடம் இருக்காது, செய்யவும் வேண்டாம். ஒரே பாடலிலிருந்து இரண்டாம் முறை எடுக்கும்போது புலவரையும் கூற்றையும் மறுபடி அறிமுகம் செய்வது அலுப்பூட்டும். ஒரே கருத்துக்கு நான்கு பாடல்களை அடுக்கியிருந்தால், விளக்கத்துக்கு ஈடுகொடுக்கும் ஒன்றை மட்டும் எடுத்தாண்டு, மற்ற மூன்றையும் எண்ணால் சுட்டிவிடுங்கள். எதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல ஒரு வாக்கியம்கூட வரவில்லையோ, அந்த மேற்கோளை எடுத்துவிடலாம்.