எட்டில் ஒன்று லத்தீன்

கேள்வி: கிரேக்கர்கள் அன்பை எட்டு வகையாகப் பிரித்துப் பெயர் வைத்திருந்தார்களாமே? அகாப்பே என்றால் தெய்வீக அன்பு, ஃபிலியா அதற்கு ஒரு படி கீழான நட்பு என்று பிரசங்கத்தில் கேட்டேன். எதை எங்கே சொல்வது சரி? - வாசகி, பாளையங்கோட்டை

பதில்: எட்டு என்ற கணக்கைக் கிரேக்கர் தலையில் கட்டாதீர்கள். அந்தப் பட்டியல்களில் விளையாட்டுக் காதலுக்குத் தவறாமல் வரும் 'லூடஸ்' லத்தீன் சொல். காதலின் பாணிகளை வகைப்படுத்த 1973இல் ஜான் ஆலன் லீ என்ற சமூகவியலாளர் எடுத்துக்கொண்டது.

அகாப்பேக்கு வருவோம். பழைய ஏற்பாட்டின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் 2 சாமுவேல் 13ஐப் பாருங்கள். தங்கை தாமாரைக் கெடுத்த அம்னோன் அவள்மேல் வைத்திருந்த மோகத்துக்கு அங்கே நிற்கும் சொல் அகாப்பேதான்! பவுலைக் கைவிட்டுப் போன தேமா இந்த உலகத்தின்மேல் வைத்த ஆசைக்கும் அதன் வினைச்சொல்லே வருகிறது. பிதா குமாரனை நேசிப்பதை யோவான் 3:35 அகாப்பேயின் வினையால் சொல்கிறது. 5:20 ஃபிலியாவின் வினையால் சொல்கிறது. இதில் எது மேல்படி, எது கீழ்ப்படி? யோவான் 21இல் 'என்னை நேசிக்கிறாயா' என்று இயேசு பேதுருவிடம் மூன்று முறை கேட்கும்போது இந்த இரண்டு வினைகளும் மாறி வருகின்றன; அந்த இடத்தை வைத்துத்தான் பிரசங்கிமார் இந்தப் படிக்கட்டைக் கட்டுகிறார்கள். அதே உரையாடலில் ஆட்டுக்கும் மேய்ப்பதற்கும்கூட யோவான் சொற்களை மாற்றி மாற்றிப் போடுகிறார். அவர் நடை அது.

ஃபிலியாவை 'வெறும் நட்பு' என்பதும் அநியாயம். அரிஸ்டாட்டில் தம் நிகோமாக்கிய அறவியலில் இரண்டு புத்தகங்களை, எட்டாவதையும் ஒன்பதாவதையும், இதற்கே ஒதுக்கினார். தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் இருப்பது ஃபிலியா. லாபம் பார்த்துப் பழகுகிறவர்களிடமும் அதில் ஒரு வகை உண்டு, லாபம் நின்றால் அதுவும் நின்றுவிடும். திராட்சை மதுவை நாம் விரும்பலாம், ஆனால் அதனுடன் ஃபிலியா கிடையாது என்கிறார். மது நம்மைத் திரும்ப விரும்பாது; மது நன்றாக இருக்கவேண்டும் என்று நாம் நினைப்பதும் நாம் குடிப்பதற்காகத்தான். ஆக இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நல்லது நினைக்க வேண்டும், அது இருவருக்கும் தெரிந்திருக்கவும் வேண்டும். மனசுக்குள்ளேயே வைத்திருக்கும் ஒருதலை அபிமானம் இதில் சேராது.

உங்களுக்கு வேண்டிய அளவுகோல் இங்கேதான் கிடைக்கிறது. பல வருஷம் கொடுத்து வாங்கிப் பழகிய தோழியைப் பற்றிப் பேசுகிறீர்களா? ஃபிலியா என்று தாராளமாகச் சொல்லுங்கள். திரும்ப எதுவும் வராத இடத்தில் அது பொருந்தாது. 'உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்' என்ற மத்தேயு 5:44இல் அகாப்பேயின் வினை நிற்பது பொருத்தம். பகைவன் பதிலுக்கு அன்பு காட்டுவான் என்ற எதிர்பார்ப்பே அங்கே இல்லை. 1 கொரிந்தியர் 13 சொல்லும் பொறுமை, தன்னலம் தேடாமை எல்லாம் பவுல் அந்தச் சொல்லில் ஏற்றிய சரக்கு. அந்த அர்த்தத்தில் சொல்வதானால் பவுலின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'கிரேக்கத்தில் அகாப்பே என்றாலே இதுதான்' என்று ஆரம்பித்தால், அம்னோன் கதை தெரிந்த யாராவது கை தூக்குவார்.