தேய்த்தால் போகாத சொரசொரப்பு

கேள்வி: இரண்டு மேல்கைகளிலும் தொடையிலும் எப்போதும் புல்லரித்தது போலவே சின்னச் சின்னப் பொரிகள் இருக்கின்றன. அரிப்போ வலியோ இல்லை. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகவில்லை. ஏன்?

பதில்:

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ‘கெரட்டோசிஸ் பிலாரிஸ்’ என்று தோல் மருத்துவர்கள் அழைக்கும் நிலைக்குப் பொருந்துகின்றன. இது அழுக்கினாலோ கிருமியினாலோ வருவதில்லை. பிறருக்குத் தொற்றுவதும் இல்லை. தோலின் மேற்படலத்தை உறுதியாக வைத்திருக்கும் கெரட்டின் என்ற புரதம், மயிர்க்காலின் வாயில் உதிராமல் தங்கி ஒரு சிறு முளையாக இறுகிவிடுகிறது. குளித்து முடித்ததும் கையைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், ஒவ்வொரு பொரியும் ஒரு மயிர்க்காலின் மேலேயே இருப்பது தெரியும். சிலவற்றில் வெளியே வர முடியாத மெல்லிய முடி உள்ளேயே சுருண்டு கிடப்பதும் தெரியும்.

அது போகாததற்குக் காரணம் இதிலேயே இருக்கிறது. மேலே தெரியும் முளையைத் தேய்த்து எடுத்துவிட்டாலும், அதை உருவாக்கும் மயிர்க்காலின் இயல்பு மாறுவதில்லை. ஆகவே சில நாட்களிலோ வாரங்களிலோ மீண்டும் அடைத்துக்கொள்ளும். இந்த இயல்பு பெரும்பாலும் பரம்பரையாக வருவது. வறண்ட தோலும், அரிப்புடன் தோல் சிவந்து வறளும் எக்ஸிமாவும் உள்ள குடும்பங்களில் அதிகம் காணப்படுவது. குழந்தைப் பருவத்தில் தொடங்கி, பதின்வயதில் கூடி, பலருக்கு வயது ஏற ஏறத் தானாகவே குறைந்துவிடுகிறது. காற்று வறண்டிருக்கும் மாதங்களில் கூடுவதும் இயல்பே.

என் தங்கையின் மகளுக்குப் பள்ளியில் படிக்கும்போது இது வந்தது. அவள் அம்மாவுக்கும் அந்த வயதில் இருந்ததுதான். வீட்டில் பீர்க்கங்காய் நாரும் கடலை மாவும் கொண்டு நாள்தோறும் அழுத்தித் தேய்த்தார்கள். அவளும் கையில் தட்டுப்பட்ட பொரிகளை நகத்தால் கிள்ளிக்கொண்டே இருந்தாள். பொரிகள் குறையவில்லை, ஒவ்வொன்றைச் சுற்றிலும் ஒரு பழுப்புப் புள்ளி வந்து சேர்ந்தது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இதுதான் உண்மையான இழப்பு என்று நான் கருதுகிறேன்: உராய்வினால் ஏற்படும் சிறு அழற்சிகூடக் கறையை விட்டுச் செல்கிறது, அந்தக் கறை மங்கப் பல மாதங்கள் ஆகின்றன.

தோல் மருத்துவர் முதலில் நாரையும் கிள்ளுவதையும் நிறுத்தச் சொன்னார். வெதுவெதுப்பான நீரில் சற்று நேரமே குளித்து, நுரை அதிகம் வராத மென்மையான சோப்பைப் பயன்படுத்தி, துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் முழுதும் காயுமுன் 10 சதவீத யூரியா கலந்த கிரீமைப் பூசிக்கொள்வதே முதல் கட்டம். யூரியா தோலில் ஈரத்தைப் பிடித்துவைப்பதுடன் இறுகிய கெரட்டினையும் மெல்லத் தளர்த்துகிறது. தோல் அதற்குப் பழகிய பிறகு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவில் 12 சதவீத லாக்டிக் அமில லோஷன் சேர்க்கப்பட்டது. முதல் நாட்களில் லேசான குறுகுறுப்பு இருக்கலாம். எரிந்து சிவந்தால் சில நாட்கள் நிறுத்திவிட்டு, இடைவெளியைக் கூட்டித் தொடர வேண்டும். சவரமோ வேக்சிங்கோ செய்த அன்று அமிலத்தைப் பூசக் கூடாது. இவ்வகை அமிலங்கள் தோலை வெயிலுக்கு எளிதில் பாதிக்கப்படச் செய்வதால், அரைக்கை உடையில் வெளியே செல்லும் நாளில் மேல்கைக்கும் சன்ஸ்கிரீன் தேவை. தேங்காய் எண்ணெய் வறட்சியைக் குறைக்கும், ஆனால் அடைப்பைக் கரைக்காது.

ஒன்றரை மாத அளவில் கையால் தடவும்போது வேறுபாடு தெரிந்தது. கண்ணுக்குத் தெரிய இன்னும் நாளாயிற்று, பழுப்புப் புள்ளிகள் எல்லாவற்றையும்விடத் தாமதமாகவே மங்கின. தேர்வுக் காலத்தில் பூசுவதை விட்டபோது சொரசொரப்பு திரும்பியது, மறுபடி தொடங்கியதும் அடங்கியது. மருந்து தோற்றுவிட்டது என்று இதற்குப் பொருளல்ல. இதன் பயன் பூசும் வரைக்கும்தான். ஓரளவு மென்மையானதும் வாரத்திற்கு இரண்டு மூன்று முறை பூசினாலே பெரும்பாலும் போதும்.

இத்தனைக்கும் அசையாத பொரிகளுக்கு மருத்துவர்கள் வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினாய்டு கிரீம் எழுதித் தருவதுண்டு. கருவுற்றிருப்பவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் அதைத் தவிர்க்க வேண்டும். மற்றவர்களும் மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்க வேண்டாம். பொரியில் சீழ் வைத்தாலோ, தொட்டால் வலித்தாலோ, கடுமையாக அரித்தாலோ அது மயிர்க்கால் தொற்றாக இருக்கலாம். சரியாகச் சாப்பிடாத குழந்தைக்கு முழங்கையிலும் முழங்காலிலும் தடித்துக் கறுத்த முட்கள் போல எழும்பினால், வைட்டமின் ஏ உள்ளிட்ட ஊட்டச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டிலும் கிரீமைப் பூசிக் காத்திருக்காமல் நேரே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.